விடை சரி, சரிபார்ப்பு தவறு: 5/(3√2 − 4) கணக்கில் தசம மதிப்பு செய்யும் குழப்பம்

பகுதியில் உள்ள வர்க்கமூலத்தை நீக்கிய பிறகு விடை சரிதானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கேள்வியில் கொடுத்த பின்னத்தின் தசம மதிப்பையும் நாம் கண்ட விடையின் தசம மதிப்பையும் கணக்கிட்டு, இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பதுதான் அது. பெரும்பாலான கணக்குகளில் இது நன்றாகவே உதவும். ஆனால் சில கணக்குகளில் இதே சரிபார்ப்பு சரியான விடையைத் தவறு என்றும், தவறான விடையைச் சரி என்றும் காட்டிவிடும். அப்படி ஒரு கணக்கை எடுத்து, என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, சரிபார்ப்பை எப்படிச் செய்தால் நம்பலாம் என்று பார்ப்போம்.

கணக்கும் இரண்டு விடைகளும்

5/(3√2 − 4) என்ற பின்னத்தின் பகுதியை விகிதப்படுத்த வேண்டும். பகுதியின் இணை 3√2 + 4. தொகுதியையும் பகுதியையும் இதனால் பெருக்குகிறோம். பகுதியில் (3√2)² − 4² வரும். (3√2)² என்பது 9 × 2 = 18. அதிலிருந்து 16 போனால் 2. தொகுதியில் 5(3√2 + 4) = 15√2 + 20. ஆகவே விடை

(15√2 + 20)/2 = 10 + (15√2)/2

இது ஒரு விடை. இதே கணக்குக்கு இன்னொரு விடையும் வரக்கூடும். கடைசிப் படியில் (15√2)/2 என்று எழுதியதும், மேலே ஒரு 2, கீழே ஒரு 2 என்று கண்ணில் பட, இரண்டையும் அடித்துவிட்டு 15√1 = 15 என்று எழுதுவது. அப்போது 10 + 15 = 25 என்று முழு எண்ணாக விடை முடிந்துவிடும். வர்க்கமூலக் குறிக்குள் இருக்கும் 2 உண்மையில் √2 தான். அதை வெளியே இருக்கும் 2 உடன் அடிக்க முடியாது. √2/2 என்பது 1 அல்ல, 1/√2. ஆனாலும் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. விடை முழு எண்ணாக வந்ததில் ஒரு திருப்தியும் கிடைப்பதால், போட்டவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இப்போது சரிபார்ப்பு. கையால் போடும்போது √2 = 1.4 என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

கேள்வி வடிவம்: 3 × 1.4 = 4.2. அதில் 4 போனால் 0.2. 5 ÷ 0.2 = 25.

சரியான விடை: 10 + 7.5 × 1.4 = 10 + 10.5 = 20.5.

கேள்வியின் மதிப்பு 25. தவறான விடையும் 25. தசமப் புள்ளிக்குப் பின் ஒரு சிறு வித்தியாசம்கூட இல்லாமல் பொருந்துகிறது. சரியான விடையோ 4.5 தள்ளி நிற்கிறது. இந்தச் சரிபார்ப்பை மட்டும் நம்பினால், சரியாகப் போட்டவர் தன் விடையை அடித்துவிட்டு மறுபடி தொடங்குவார். தவறாகப் போட்டவர் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போவார்.

கோளாறு எங்கே

√2 இன் மதிப்பு 1.41421356… என்று நீள்கிறது. 1.4 என்று எடுத்தால் பிழை 0.0142, அதாவது ஏறத்தாழ 1 சதவீதம். இது பெரிய பிழையே அல்ல. 3 ஆல் பெருக்கும்போதும் 4.2426 க்குப் பதில் 4.2 வருகிறது. இன்னமும் பிழை 1 சதவீதம்தான்.

சிக்கல் அடுத்த படியில், 4 ஐக் கழிக்கும்போது வருகிறது. 4.2426 இல் பெரும்பகுதியான 4 போய்விடுகிறது. மீதி 0.2426. ஆனால் பிழையான 0.0426 கழிபடவில்லை, அப்படியே இருக்கிறது. 4.2426 க்குப் பக்கத்தில் சிறியதாக இருந்த அந்தப் பிழை, 0.2426 க்குப் பக்கத்தில் வந்ததும் 17.6 சதவீதம் ஆகிவிடுகிறது. அந்த எண்ணால் 5 ஐ வகுக்கிறோம். பகுதி 17.6 சதவீதம் குறைந்தால் பின்னத்தின் மதிப்பு 21 சதவீதம் கூடும். 20.607 ஆக இருக்க வேண்டியது 25 ஆனது இப்படித்தான்.

விடை வடிவத்தில் கழித்தலே இல்லை. 10 உடன் 7.5√2 ஐக் கூட்டுகிறோம், அவ்வளவுதான். √2 இல் 0.0142 பிழை இருந்தால் விடையில் அதைப் போல் 7.5 மடங்கு, அதாவது 0.107 பிழை வரும். 20.607 என்பது 20.5 ஆகிறது. அரை சதவீதப் பிழை.

ஆக, இரண்டு பக்கமும் பொருந்தாதபோது "என் விடை தவறு" என்று முடிவெடுப்பது அவசரம். கேள்வி வடிவத்தின் மதிப்பைத்தான் நாம் அளவுகோலாக வைத்திருந்தோம். இங்கே அந்த அளவுகோலே ஆட்டம் காண்கிறது. √2 இல் செய்யும் ஒரே பிழை, கேள்வி வடிவத்தில் விடை வடிவத்தைவிடச் சுமார் 34 மடங்கு பெரிதாகத் தெரியும். (சரியாகச் சொன்னால் 17 + 12√2 மடங்கு, அதாவது 33.97. √2 க்கு மிக அருகிலான மதிப்பை எடுக்கும்போது விகிதம் இதுவாக இருக்கும். 1.4 போன்ற முரட்டு மதிப்புக்கு இன்னும் கூடும்.) பகுதியில் இரண்டு நெருக்கமான எண்களின் வித்தியாசம் இருக்கும் எந்தக் கணக்கிலும் இது நடக்கும். 3√2 − 4 போலவே √11 − √10, 2√6 − 5 போன்றவையும் இந்த ரகம்தான்.

இடங்களைக் கூட்டிப் பார்ப்பது

√2 க்கு இன்னும் சில தசம இடங்கள் எடுத்தால் நிலைமை தெளிவாகிறது.

| √2 க்கு எடுத்த மதிப்பு | கேள்வி வடிவம் | சரியான விடை | இடைவெளி |
|---|---|---|---|
| 1.4 | 25 | 20.5 | 4.5 |
| 1.41 | 21.739 | 20.575 | 1.164 |
| 1.414 | 20.661 | 20.605 | 0.056 |
| 1.4142 | 20.6101 | 20.6065 | 0.0036 |
| 1.41421 | 20.6075 | 20.6066 | 0.0009 |

கடைசி நெடுவரிசையைக் கவனியுங்கள். விடை சரியாக இருந்தால், √2 இன் மதிப்பு துல்லியமாக ஆக ஆக இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது. தவறான விடையான 25 ஐ இதே முறையில் பார்த்தால், இடைவெளி முதலில் 0. பிறகு 3.26, 4.34, 4.39 என்று ஏறி, 4.39 இலேயே நின்றுவிடுகிறது. எத்தனை இடங்கள் எடுத்தாலும் அது குறையாது.

ஒரே ஒரு முறை ஒப்பிடுவதைவிட, இரண்டு வெவ்வேறு துல்லியத்தில் ஒப்பிடுவது பல மடங்கு மேல் என்று சொல்வது இதனால்தான். முதல் முறை பொருந்தவில்லை என்றால் ஒரு தசம இடத்தைக் கூட்டிப் பாருங்கள். இடைவெளி சுருங்கினால் அது தோராயத்தால் வந்த வித்தியாசம். நின்றுவிட்டால் விடையில் தவறு இருக்கிறது.

பாடக் கணக்குகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் 1.414 இந்தக் கணக்குக்கு எந்த அளவு போதும் என்பதையும் அட்டவணையில் பார்க்கலாம். கேள்வி வடிவத்தில் அது 20.661 தருகிறது. உண்மை மதிப்பு 20.6066. முதல் தசம இடத்துக்குத் திருத்தினாலே 20.6 க்குப் பதில் 20.7 வருகிறது, அது தவறு. விடை வடிவத்தில் அதே 1.414 ஐப் போட்டால் 20.605. இரண்டாம் இடம் வரை திருத்தினால் 20.61, அது சரி. மூன்றாம் இடம் சரியில்லை. மூன்று தசம இடங்களுக்குத் திருத்தமாக வேண்டும் என்றால், விகிதப்படுத்திய வடிவத்தில்கூட √2 க்கு 1.41421 வரை எடுத்துக்கொள்வது பத்திரம்.

இரண்டு பக்கத்திலிருந்தும் அடைப்பது

கால்குலேட்டர் கையில் இல்லாதபோது எல்லோராலும் ஐந்து இடங்கள் வரை போய்க்கொண்டிருக்க முடியாது. அங்கே இன்னொரு வழி கைகொடுக்கும். √2 ஐ ஒரே எண்ணாக எடுக்காமல், அதற்குக் கொஞ்சம் கீழே ஒன்று, கொஞ்சம் மேலே ஒன்று என்று இரண்டு எண்களை எடுக்க வேண்டும்.

1.41² = 1.9881, 1.42² = 2.0164. ஆகவே √2 இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறது. இதில் தோராயம் எதுவும் இல்லை, இது உறுதியான கூற்று.

1.41 ஐப் போட்டால் பகுதி 4.23 − 4 = 0.23. 1.42 ஐப் போட்டால் 4.26 − 4 = 0.26. உண்மையான பகுதி இவை இரண்டுக்கும் நடுவில். பகுதி கூடினால் பின்னம் குறையும் என்பதால், கேள்வியின் மதிப்பு 5 ÷ 0.26 = 19.23 க்கும் 5 ÷ 0.23 = 21.74 க்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். நாம் கண்ட விடை எங்கே விழுகிறது? 10 + 7.5 × 1.41 = 20.575 க்கும் 10 + 7.5 × 1.42 = 20.65 க்கும் நடுவில். முழுவதும் அந்த எல்லைக்குள் இருக்கிறது. 25 வெளியே நிற்கிறது. அது தவறு என்பது இப்போது நிரூபணமே ஆகிவிட்டது.

உண்மையில் 1.4 ஐ வைத்தே 25 ஐத் தள்ளியிருக்கலாம். 1.4² = 1.96. இது 2 ஐவிடச் சிறியது. ஆகவே √2 > 1.4, பகுதி > 0.2, கேள்வியின் மதிப்பு < 25. கண்டிப்பாக 25 ஐவிடக் குறைவு, சமமாக வராது. அதே 1.4 ஐத்தான் இங்கேயும் பயன்படுத்தினோம். √2 ஐக் குறைத்து எடுத்தோமா, கூட்டி எடுத்தோமா என்பதையும் கூடவே நினைவில் வைத்திருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலே உள்ள அட்டவணையிலும் இதைப் பார்க்கலாம். அதில் எடுத்த மதிப்புகள் எல்லாம் √2 ஐவிடச் சிறியவை. அதனால் கேள்வி வடிவம் எப்போதும் உண்மையைவிட மேலே நிற்கிறது, விடை வடிவம் கீழே நிற்கிறது. 1.415 என்று √2 ஐவிடப் பெரிய எண்ணை எடுத்தால் இது தலைகீழாகும். கேள்வி வடிவம் 5 ÷ 0.245 = 20.408, விடை வடிவம் 20.6125. 1.414 இல் மேலே இருந்தது 1.415 இல் கீழே போகிறது என்றால், நடுவில் எங்கோ இரண்டும் சந்திக்கின்றன. சரியான விடைக்கு அந்தச் சந்திப்பு √2 இலேயே நடக்கிறது.

பொருந்தினால் மட்டும் போதுமா

தசம மதிப்புகள் பொருந்துவது நல்ல அறிகுறி, ஆனால் நிரூபணம் அல்ல. எத்தனை இடங்கள் ஒத்துப்போனாலும் அடுத்த இடத்தில் பிரியக்கூடும். விடை சரி என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், விடையைப் பழைய பகுதியால் பெருக்கித் தொகுதி திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். வர்க்கமூலத்தை வர்க்கமூலமாகவே வைத்துக்கொண்டு:

(10 + (15√2)/2)(3√2 − 4) = 30√2 − 40 + 45 − 30√2 = 5

(15√2)/2 × 3√2 என்பது 45 × 2 / 2 = 45. (15√2)/2 × 4 என்பது 30√2. வர்க்கமூல உறுப்புகள் இரண்டும் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டு 5 மட்டும் மிஞ்சுகிறது. இதற்குமேல் தசமம் தேவையில்லை. 25 ஐ இதே போல் பெருக்கினால் 75√2 − 100 வரும். அது 5 ஆக இருக்க √2 = 105/75 = 1.4 ஆக வேண்டும். தவறான விடை 1.4 இல் மட்டும் ஏன் அவ்வளவு அழகாகப் பொருந்தியது என்பதும் இந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

தசமமே போடாமல் 25 ஐச் சந்தேகிக்கவும் ஒரு காரணம் இருந்தது. தொகுதி முழு எண், பகுதி 3√2 − 4 என்ற விகிதமுறா எண். பூச்சியமல்லாத விகிதமுறு எண்ணை விகிதமுறா எண்ணால் வகுத்தால் விடை விகிதமுறு எண்ணாக வரவே முடியாது. இந்தக் கணக்கில் விடையிலிருந்து √2 முழுசாக மறைந்துவிட்டதென்றால், எங்கோ தவறாக அடித்திருக்கிறோம்.

வித்தியாசத்தைப் படிப்பது

பொருந்தாத எண்ணைப் பார்த்ததும் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதில்லை. எவ்வளவு வித்தியாசம், எத்தனை மடங்கு என்று பார்த்தால் தவறு எந்தப் படியில் என்பது பல நேரம் தெரிந்துவிடும். உண்மை மதிப்பு 20.607 என்று வைத்துக்கொள்வோம்.

விடை 30.607 வந்தால் சரியாக 10 கூடுதல். (15√2 + 20)/2 இல் 15√2 ஐ மட்டும் 2 ஆல் வகுத்து, 20 ஐ வகுக்காமல் விட்டிருக்கிறோம். 31.213 வந்தால் கூடுதல் 10.607, அதாவது (15√2)/2. இங்கே 20 ஐ வகுத்தாயிற்று, 15√2 ஐ வகுக்கவில்லை. 12.607 வந்தால் 8 குறைவு. 5(3√2 + 4) ஐ விரிக்கும்போது 4 ஐ 5 ஆல் பெருக்காமல் 15√2 + 4 என்று எழுதியிருக்கிறோம்.

மடங்காக வரும் வித்தியாசங்கள் பகுதியில் நடந்த தவறைக் காட்டும். 1.212 என்பது உண்மை மதிப்பில் 17 இல் ஒரு பங்கு. பகுதி 2 க்குப் பதில் 34 ஆகியிருக்கிறது, அதாவது 18 − 16 ஐ 18 + 16 என்று எழுதியாயிற்று. −4.121 வந்தால் குறியே மாறியிருக்கிறது. (3√2)² ஐ 18 என்று எழுதாமல் 3 × 2 = 6 என்று எழுதி, 6 − 16 = −10 ஆக்கியதன் விளைவு இது. இந்தத் தவறைப் பிடிக்க எண்ணே தேவையில்லை. 3√2 என்பது √18, 4 என்பது √16. ஆகவே 3√2 − 4 நேர் எண், விடையும் நேர் எண்ணாகத்தான் வர வேண்டும்.

கால்குலேட்டரில் போடுபவர்கள் இதற்கு முன் அடைப்புக்குறியைப் பார்த்துக்கொள்வது நல்லது. 5 ÷ 3 × √2 − 4 என்று அப்படியே அழுத்தினால் −1.643 வரும். பகுதி முழுவதையும் 5 ÷ (3 × √2 − 4) என்று அடைப்புக்குள் போட வேண்டும். விடைப் பக்கத்திலும் இதே கதைதான். (20 + 15√2)/2 ஐ அடைப்பில்லாமல் 20 + 15 × √2 ÷ 2 என்று அழுத்தினால் 30.607 வரும். மேலே பார்த்த முதல் தவறின் எண் இது. ஆகவே 30.607 கண்ணில் பட்டால், முதலில் அழுத்தியது சரியா என்று பார்த்துவிட்டு, பிறகு தாளில் தவறு தேடலாம்.

கூட்டல் குறி வந்தால் பாத்திரம் மாறும்

இதுவரை பார்த்ததிலிருந்து "விடை வடிவத்தின் தசம மதிப்பைத்தான் எப்போதும் நம்ப வேண்டும்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பகுதியில் ஒரே ஒரு குறியை மாற்றி 5/(3√2 + 4) என்று எடுத்துக்கொள்வோம். இணை 3√2 − 4. பகுதி முன்போல் 2 தான். விடை (15√2)/2 − 10.

√2 = 1.4 என்றால் கேள்வி வடிவம் 5 ÷ 8.2 = 0.6098, விடை வடிவம் 10.5 − 10 = 0.5. உண்மை மதிப்பு 0.6066. இந்த முறை கேள்வி வடிவம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது, விடை வடிவம்தான் விலகிப் போகிறது. 1.414 எடுத்தாலும் கேள்வி வடிவம் 0.60665, விடை வடிவம் 0.605. விகிதப்படுத்தியபோது கழித்தல் பகுதியிலிருந்து தொகுதிக்கு இடம் மாறிவிட்டது. பிழையும் அதோடு சேர்ந்து போய்விட்டது. பெருகும் அளவும் அதே 34 மடங்குதான். எந்த வடிவத்தில் நெருக்கமான இரண்டு எண்களின் கழித்தல் இல்லையோ, அந்த வடிவத்தின் மதிப்பை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதைப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று கண்ணில் படும். முதல் கணக்கின் மதிப்பு 20.6066, இரண்டாவதன் மதிப்பு 0.6066. வித்தியாசம் சரியாக 20, தசமப் பகுதி எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆகவே முதல் கணக்கில் தொகுதியை இணையால் பெருக்காமல் 3√2 − 4 ஆலேயே பெருக்கிவிட்டு, பகுதியை மட்டும் 18 − 16 = 2 என்று எழுதியவருக்கு 0.6066 கிடைக்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களை மட்டும் ஒப்பிடுபவருக்கு அது பொருந்திவிட்டது போலவே தெரியும். ஒப்பிடும்போது முழு எண் பகுதியையும் சேர்த்தே எழுதிப் பார்க்க வேண்டும்.